முக்கோண ஆர்பிட்ரேஜ்: கிராஸ் ரேட்டை வைத்து லாபம் உண்டா இல்லையா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

டாலரைக் கொடுத்து யூரோ வாங்குகிறோம். அந்த யூரோவை விற்றுப் பவுண்டு வாங்குகிறோம். பவுண்டை விற்று மறுபடி டாலருக்கு வருகிறோம். கிளம்பும்போது இருந்ததைவிடக் கையில் அதிக டாலர் இருந்தால், அந்தக் கூடுதல் தொகைதான் முக்கோண ஆர்பிட்ரேஜ் லாபம். யூரோ ஏறுமா இறங்குமா என்ற யூகத்துக்கு இதில் இடமே இல்லை. ஒரே நேரத்தில் இருக்கும் மூன்று விலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது மட்டும்தான் கேள்வி.

யூரோவுக்கும் பவுண்டுக்கும் நேரடி விலை ஒன்று சந்தையில் இருக்கிறது. டாலர் வழியாகச் சுற்றிப் போனாலும் அதே ஜோடிக்கு ஒரு விலை கிடைக்கிறது. இரண்டாவதுதான் கிராஸ் ரேட். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு நேரடியானது இல்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை என்று இரண்டு உண்டு. ஆகவே நாம் ஒப்பிடுவது ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு அல்ல, ஒரு வரம்பை இன்னொரு வரம்போடு. இந்த ஒன்று மனதில் நின்றுவிட்டால் மீதியெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

முதலில்: எந்த விலை நமக்கு?

திரையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

```
           பிட்      ஆஸ்க்
EUR/USD   1.0850   1.0852
GBP/USD   1.2700   1.2703
EUR/GBP   0.8550   0.8553
```

ஜோடியில் முதலில் இருப்பதுதான் சரக்கு, இரண்டாவதாக இருப்பது அதன் விலையைச் சொல்லும் பணம். EUR/USD 1.0850 என்றால் ஒரு யூரோவின் விலை 1.0850 டாலர். பிட் என்பது டீலர் நம்மிடமிருந்து சரக்கை வாங்கத் தயாராக இருக்கும் விலை. ஆஸ்க் என்பது அவர் நமக்கு விற்கும் விலை. எப்போதும் நமக்குப் பாதகமான விலைதான் நம் விலை: விற்கும்போது குறைந்தது, வாங்கும்போது கூடியது.

இதிலிருந்து இரண்டே விதிகள் வருகின்றன. ஜோடியில் முதலில் இருக்கும் கரன்சியை விற்றால், தொகையைப் பிட்டால் பெருக்க வேண்டும். அதை வாங்கினால், கையில் இருக்கும் தொகையை ஆஸ்க்கால் வகுக்க வேண்டும். கையில் இருக்கும் தொகையை மாற்றும்போது ஆஸ்க்கால் பெருக்குவதோ பிட்டால் வகுப்பதோ ஒருபோதும் வராது. கணக்கில் அப்படி ஒன்று வந்துவிட்டால், நாம் டீலரின் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம் என்று அர்த்தம். அப்போது இல்லாத லாபம் தெரியும்.

டாலர் வழியாக யூரோ–பவுண்டு விலை

இப்போது EUR/GBP வரிசையைக் கையால் மறைத்துக்கொண்டு, மற்ற இரண்டிலிருந்து அதை நாமே உருவாக்குவோம்.

பவுண்டு வைத்திருக்கும் ஒருவர் டாலர் வழியாக யூரோ வாங்க என்ன ஆகும்? முதலில் பவுண்டை விற்று டாலர் வாங்குகிறார். GBP/USD-இல் பவுண்டு முதலில் இருக்கிறது, விற்கிறார், ஆகவே பிட்: 1.2700. பிறகு டாலரைக் கொடுத்து யூரோ வாங்குகிறார். EUR/USD-இல் யூரோ முதலில் இருக்கிறது, வாங்குகிறார், ஆகவே ஆஸ்க்: 1.0852. ஒரு யூரோவுக்கு 1.0852 டாலர் வேண்டும், ஒரு பவுண்டுக்கு 1.2700 டாலர் கிடைக்கும். அப்படியானால் ஒரு யூரோவுக்கு ஆகும் பவுண்டு:

```
கிராஸ் ஆஸ்க் = 1.0852 / 1.2700 = 0.85449
```

எதிர்ப்பக்கம், யூரோ வைத்திருப்பவர் டாலர் வழியாகப் பவுண்டுக்குப் போகிறார். யூரோவை 1.0850-க்கு விற்கிறார், பவுண்டை 1.2703-க்கு வாங்குகிறார்:

```
கிராஸ் பிட் = 1.0850 / 1.2703 = 0.85413
```

பிட்டைப் பிட்டாலும் ஆஸ்க்கை ஆஸ்க்காலும் வகுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை ஒன்றின் ஆஸ்க்கை மற்றதன் பிட்டாலும், இன்னொரு முறை ஒன்றின் பிட்டை மற்றதன் ஆஸ்க்காலும் வகுத்திருக்கிறோம். ஆரம்பத்தில் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பிட்டைப் பிட்டால் வகுத்தால் 0.85433 வரும், ஆஸ்க்கை ஆஸ்க்கால் வகுத்தால் 0.85429 வரும். ஆஸ்க் பிட்டைவிடக் குறைவாக வந்துவிட்டது பாருங்கள். வாங்கும் விலை விற்கும் விலையைவிட மலிவு என்று ஒரு கிராஸ் ரேட் சொன்னால், வகுத்தலில் பக்கம் மாறிவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

எல்லா ஜோடிக்கும் வகுத்தல்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. இங்கே டாலர் இரண்டு ஜோடியிலும் பின்னால் இருக்கிறது, அதனால் வகுத்தோம். USD/JPY போன்ற ஜோடியில் டாலர் முன்னால் இருக்கும். யூரோ–யென் கிராஸ் வேண்டுமென்றால் EUR/USD-ஐயும் USD/JPY-ஐயும் பெருக்க வேண்டும், அங்கே பிட்டும் பிட்டும், ஆஸ்க்கும் ஆஸ்க்கும் சேரும். யூரோவை விற்று டாலர், டாலரை விற்று யென், இரண்டும் விற்பனை, ஆகவே இரண்டும் பிட். இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிட, "நான் இப்போது எதை விற்கிறேன், எதை வாங்குகிறேன்" என்று ஒவ்வொரு காலுக்கும் கேட்டுக்கொண்டே போவது நல்லது. சந்தையில் ஒவ்வொரு பரிவர்த்தனையையும் கால் என்றுதான் சொல்வோம். முக்கோணத்துக்கு மூன்று கால்கள்.

இரண்டு வரம்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

டாலர் வழியாக வரும் வரம்பு 0.85413 முதல் 0.85449 வரை. நேரடி விலையின் வரம்பு 0.8550 முதல் 0.8553 வரை.

நேரடி பிட், கிராஸ் ஆஸ்க்கைவிட மேலே இருந்தால் ஒரு திசையில் லாபம் உண்டு: யூரோவை டாலர் வழியாக வாங்கி, நேரடியாகப் பவுண்டுக்கு விற்க வேண்டும். கிராஸ் பிட், நேரடி ஆஸ்க்கைவிட மேலே இருந்தால் எதிர்த்திசையில் லாபம் உண்டு: யூரோவை நேரடியாகப் பவுண்டு கொடுத்து வாங்கி, டாலர் வழியாக விற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, எந்தப் பக்கம் சுற்றினாலும் நஷ்டம்.

நம் உதாரணத்தில் 0.8550 என்பது 0.85449-ஐவிடப் பெரியது. இரண்டு வரம்புகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. முதல் திசையில் லாபம் தெரிகிறது. எவ்வளவு என்று 10 லட்சம் டாலரை வைத்துச் சுற்றிப் பார்ப்போம்.

டாலரைக் கொடுத்து யூரோ வாங்குகிறோம், ஆஸ்க்கால் வகுக்கிறோம்: 10,00,000 ÷ 1.0852 = 9,21,489.13 யூரோ. யூரோவை விற்றுப் பவுண்டு, பிட்டால் பெருக்குகிறோம்: 9,21,489.13 × 0.8550 = 7,87,873.21 பவுண்டு. பவுண்டை விற்று டாலர், மறுபடி பிட்டால் பெருக்குகிறோம்: 7,87,873.21 × 1.2700 = 10,00,598.97 டாலர்.

லாபம் 598.97 டாலர். அதாவது ஏறக்குறைய 0.06 சதவீதம். 0.8550-ஐ 0.85449-ஆல் வகுத்தாலும் இதே விகிதம் வரும். முழுச் சுற்றும் போடாமல் இந்த ஒரு வகுத்தலிலேயே லாப விகிதம் தெரிந்துவிடும்.

எதிர்த்திசையையும் பார்த்துவிடுவோம். டாலர் → பவுண்டு → யூரோ → டாலர் என்று போனால் 1.0850 ÷ (1.2703 × 0.8553) = 0.99863. 10 லட்சத்துக்கு சுமார் 1,369 டாலர் நஷ்டம். இரண்டு திசையிலும் லாபம் வரவே முடியாது. இரண்டு சுற்றுகளின் விகிதங்களையும் பெருக்கினால் மூன்று ஜோடிகளின் பிட்–ஆஸ்க் விகிதங்களின் பெருக்கல் வரும், பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் உள்ள இடைவெளியான ஸ்ப்ரெட் இருக்கும்வரை அது 1-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் லாபம் காட்டும் கணக்குத்தாள் எதையாவது பார்த்தால், அதில் எங்கோ பிட்டும் ஆஸ்க்கும் இடம் மாறியிருக்கிறது.

நடு விலை காட்டும் பொய் லாபம்

இதே உதாரணத்தில் ஒரு ஜோடியின் விலையை மட்டும் மாற்றுகிறேன். நேரடி EUR/GBP விலை 0.8543 / 0.8546 என்று இருக்கட்டும். மற்ற இரண்டு ஜோடிகளும் அப்படியே.

பலர் செய்வதுபோல் நடு விலையை எடுப்போம். EUR/USD நடு விலை 1.0851, GBP/USD நடு விலை 1.27015. வகுத்தால் 0.85431. நேரடி ஜோடியின் நடு விலை 0.85445. இரண்டும் ஒன்றில்லை! நேரடியில் யூரோ விலை கூட. 10 லட்சம் டாலருக்கு சுமார் 166 டாலர் லாபம் என்று கணக்குச் சொல்லும்.

இனி உண்மையான விலைகளில் சுற்றிப் பார்ப்போம். 9,21,489.13 யூரோவை 0.8543-க்கு விற்றால் 7,87,228.16 பவுண்டு. அதை 1.2700-ஆல் பெருக்கினால் 9,99,779.77 டாலர். 166 டாலர் லாபம் என்று தெரிந்தது, 220 டாலர் நஷ்டமாக முடிந்தது. சரி, திசை தப்போ என்று மறுபக்கம் சுற்றினால் 9,99,448.80 டாலர்தான் வருகிறது, நஷ்டம் 551 டாலர்.

வரம்புகளை ஒப்பிட்டிருந்தால் சுற்றவே தேவையில்லை. கிராஸ் வரம்பு 0.85413–0.85449, நேரடி வரம்பு 0.8543–0.8546. ஒன்று மற்றதன்மேல் விழுகிறது, லாபம் இல்லை, விஷயம் முடிந்தது. நடு விலைகள் எப்போதுமே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். அந்த வித்தியாசம் ஸ்ப்ரெட்டுக்குள் அடங்கிக் கிடக்கும்வரை சந்தையில் எந்தத் தப்பும் இல்லை, அதைச் சரிசெய்ய யாருக்கும் லாபமும் இல்லை.

செய்தித்தளங்களிலும் கரன்சி மாற்றுக் கணிப்பான்களிலும் காட்டும் விகிதங்கள் பெரும்பாலும் இந்த நடு விலைகள்தான். அவற்றை வைத்து ஆர்பிட்ரேஜ் தேடினால் நாள் முழுக்கப் பொய் லாபம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலைநாளும் வெளியிடும் யூரோ ஆதார விகிதங்களும் தகவலுக்காக வருபவை, அந்த விலையில் யாரும் நமக்கு விற்கப்போவதில்லை.

கட்டணம் கழிந்த பிறகு

முதல் உதாரணத்துக்கே திரும்புவோம். 0.06 சதவீத லாபம், ஆனால் கால்கள் மூன்று. ஒவ்வொரு காலிலும் கட்டணம் போகும். கணக்கைக் கையால் போடாமல் இருக்க ஒரு சின்ன பைத்தான் துணுக்கு:

```python
def check(eu_b, eu_a, gu_b, gu_a, eg_b, eg_a, fee=0.0):
    k = (1 - fee) ** 3
    a = eg_b * gu_b / eu_a * k       # USD > EUR > GBP > USD
    b = eu_b / (gu_a * eg_a) * k     # USD > GBP > EUR > USD
    return round(a, 6), round(b, 6)

print(check(1.0850, 1.0852, 1.2700, 1.2703, 0.8550, 0.8553))
# (1.000599, 0.998631)
```

இரண்டு எண்களில் எது 1-ஐத் தாண்டுகிறதோ அந்தத் திசையில் லாபம். எதுவும் தாண்டவில்லை என்றால் லாபம் இல்லை.

`fee` இடத்தில் 0.0001, அதாவது காலுக்கு 0.01 சதவீதம் போட்டால் லாபம் 598.97-இலிருந்து 298.82 டாலராகக் குறைகிறது, பாதி போய்விட்டது. 0.0002 போட்டால் 9,99,998.73 டாலர் வருகிறது. ஒரு டாலர் சொச்சம் நஷ்டம். மொத்த லாப சதவீதத்தை மூன்றால் வகுத்தால் ஒரு காலுக்குத் தாங்கக்கூடிய கட்டணம் தோராயமாகத் தெரிந்துவிடும்: 0.06-ஐ மூன்றால் வகுத்தால் 0.02. சில்லறை வியாபாரிக்கு இந்த ஆட்டம் ஏன் பெரும்பாலும் கைகூடுவதில்லை என்பதற்கு இதுவே போதுமான காரணம். அவருக்குக் கிடைக்கும் ஸ்ப்ரெட்டும் அகலம், கட்டணமும் கூட. போதாததற்கு, அவருடைய தளம் காட்டும் EUR/GBP விலையே டாலர் ஜோடிகளிலிருந்து கணக்கிட்டு, மேலே ஒரு ஸ்ப்ரெட் வைத்துக் காட்டியதாக இருக்கலாம். அப்படியானால் அந்த ஒரே தளத்துக்குள் முக்கோணம் எப்போதும் மூடியே இருக்கும்.

அந்த விலையில் எவ்வளவு கிடைக்கும்?

திரையில் 0.8550 என்று ஒரு பிட் தெரிகிறது. அதன் பக்கத்தில் அளவும் இருக்கும், பலர் அதைப் பார்ப்பதில்லை. 0.8550-க்கு வாங்க ஆள் இருப்பது 3,00,000 யூரோவுக்கு மட்டும், அதற்கு அடுத்த பிட் 0.8543 என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் 9,21,489.13 யூரோ இருக்கிறது.

முழுவதையும் விற்றால், முதல் 3,00,000 யூரோவுக்கு 2,56,500 பவுண்டு. மீதி 6,21,489.13 யூரோ 0.8543-க்குப் போய் 5,30,938.16 பவுண்டு. மொத்தம் 7,87,438.16 பவுண்டு, டாலராக்கினால் 10,00,046.46. கட்டணத்துக்கு முன்பே லாபம் 46 டாலர்தான்.

இப்போது 3,00,000 யூரோவோடு நிறுத்திக்கொள்வோம். அதை வாங்க 3,25,560 டாலர் போதும். விற்றுக் கிடைத்த 2,56,500 பவுண்டை 1.2700-க்கு மாற்றினால் 3,25,755 டாலர். லாபம் 195 டாலர். மூன்றில் ஒரு பங்கு பணத்தைப் போட்டு நான்கு மடங்கு லாபம் வருகிறது. காரணம், அடுத்த பிட்டான 0.8543 கிராஸ் ஆஸ்க்கான 0.85449-க்குக் கீழே இருக்கிறது. அந்த விலையில் விற்கும் ஒவ்வொரு யூரோவும் முதல் பகுதியில் சம்பாதித்ததைத் தின்கிறது. ஆகவே விதி இது: நேரடி ஜோடியில் விலைவாரியாக ஆர்டர்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஆர்டர் புக்கில் ஒவ்வொரு படியாக இறங்குங்கள், பிட் கிராஸ் ஆஸ்க்கைவிட மேலே இருக்கும் படிவரை மட்டும் விற்கலாம். கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோடு இன்னும் கொஞ்சம் மேலே போகும். டாலர் ஜோடிகளிலும் ஆழம், அதாவது ஒவ்வொரு விலையிலும் கிடைக்கும் அளவு, குறைவாக இருந்தால் கிராஸ் ஆஸ்க்கே நாம் வாங்க வாங்க ஏறும், அப்போது இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

மூன்று கால்களுக்கு நடுவே கடக்கும் நேரம்

ஆபத்தில்லாத லாபம் என்று பாடப்புத்தகம் சொல்வது, மூன்று கால்களும் ஒரே கணத்தில் நடந்தால் மட்டும்தான் உண்மை. முதல் இரண்டு கால்களும் முடிந்து கையில் 7,87,873.21 பவுண்டு இருக்கிறது, மூன்றாவது கால் இன்னும் நடக்கவில்லை. இந்த நிலையில் நாம் ஆர்பிட்ரேஜ் செய்பவர் இல்லை, பவுண்டு வைத்திருக்கும் சாதாரண ஊகவணிகர். 10,00,000-ஐ 7,87,873.21-ஆல் வகுத்தால் 1.26924. பவுண்டின் பிட் 1.2700-இலிருந்து அந்த இடத்துக்கு, அதாவது ஏழரைப் பிப் இறங்கினாலே லாபம் முழுவதும் காலி. பிப் என்பது இங்கே நான்காவது தசம இடம். முக்கியமான அறிவிப்பு ஏதாவது வெளியாகும் நேரத்தில் அது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். பெரிய முக்கோண இடைவெளிகள் கண்ணில் படுவதும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான், ஏனென்றால் ஒரு ஜோடியின் விலை நகர்ந்து மற்றது இன்னும் நகராமல் இருக்கும்.

இதனால் வங்கிகளும் வேகமாக வியாபாரம் செய்யும் நிறுவனங்களும் மூன்று ஆர்டர்களையும் ஒரே சமயத்தில் அனுப்புகின்றன, ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. அதற்கு மூன்று கரன்சியிலும் முன்கூட்டியே இருப்போ கடன் வசதியோ வேண்டும். அப்படி அனுப்பும்போதும் ஏதோ ஒரு கால் நிறைவேறாமல் திரும்பி வரலாம். அப்போது என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஒரே சமயத்தில் அனுப்ப முடியாதபோது வழக்கமாகச் செய்வது, ஆழம் குறைந்த ஜோடியை, பெரும்பாலும் நேரடி கிராஸை, முதலில் முடிப்பது. அது நிறைவேறிய பிறகு டாலர் ஜோடிகளில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சர்வதேசத் தீர்வு வங்கியின் 2022 கணக்கெடுப்பின்படி அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனைகளில் 88 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர்தான்.

இடைவெளி பெரிதாகத் தெரிந்தால்

புழக்கம் அதிகமுள்ள கரன்சிகளில் அரை சதவீத இடைவெளி திரையில் தெரிந்தால், அதை லாபமாகப் பார்ப்பதற்கு முன் தப்பாகப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது ஒவ்வொரு விலையின் நேரமுத்திரையை. மூன்று விலைகளில் ஒன்று சில நொடிகள் பழையதாக இருந்தாலே இப்படித் தெரியும். அது வியாபாரத்துக்குரிய விலையா, வெறும் தகவலுக்கான விலையா என்பது அடுத்து. பிறகு ஜோடி தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். EUR/GBP இருக்க வேண்டிய இடத்தில் GBP/EUR வந்திருந்தால், தலைகீழாக்கும்போது பிட்டின் தலைகீழ் ஆஸ்க்காகவும் ஆஸ்க்கின் தலைகீழ் பிட்டாகவும் மாற வேண்டும். 0.8550 / 0.8553-ஐத் தலைகீழாக்கினால் 1.1692 / 1.1696 வரும். இதில் 1.1692 வந்தது 0.8553-இலிருந்து.

இதெல்லாம் சரியாக இருந்தால் கடைசியாகத் தீர்வு நாள். இப்போதைய விலையில் உடனே வாங்கி விற்கும் ஸ்பாட் வியாபாரத்தில் EUR/USD, GBP/USD, EUR/GBP மூன்றிலும் பணம் கைமாறுவது வழக்கமாக இரண்டு வேலைநாள் கழித்து. USD/CAD ஜோடிக்கு ஒரு வேலைநாள்தான். கனடா டாலரை ஒரு மூலையாக வைத்து முக்கோணம் போடும்போது, ஒரு காலின் பணம் நாளை கைமாறும், மற்றதன் பணம் நாளை மறுநாள் கைமாறும். நடுவில் ஒரு நாளுக்கு ஒரு கரன்சியைக் கடன் வாங்கி இன்னொன்றை வைத்திருக்க வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் வட்டி வித்தியாசத்தையும் அந்த 0.06 சதவீதத்திலிருந்தே கழிக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் போடும்போதே மூன்று கால்களுக்கும் ஒரே தீர்வு நாள் கேட்டு வாங்க வேண்டும். அப்போது திரையில் இருந்த விலை கொஞ்சம் மாறும், அந்த மாறிய விலையை வைத்து முதல் படியிலிருந்து மறுபடி கணக்குப் போட வேண்டும்.